ஹைதராபாதில் உறங்கிய கணக்கும் தில்லியில் காணாமற்போன கணக்கும்

வங்கியில் போட்டு மறந்த பணத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு நிலைகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இரண்டு ஆண்டுகள் இயக்கப்படாத சேமிப்புக் கணக்கு 'செயலற்ற கணக்கு' ஆகிறது. பணம் அந்த வங்கியிலேயே, அந்தக் கணக்கிலேயே இருக்கும். கதவு மட்டும் சாத்தப்பட்டிருக்கும். பத்து ஆண்டுகள் இயக்கப்படாத கணக்கின் தொகையோ வங்கியின் பொறுப்பிலிருந்து வெளியேறி, இந்திய ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்குச் சென்றுவிடும். முதல் நிலைக்குத் தேவை ஒரு விண்ணப்பம். இரண்டாம் நிலைக்குத் தேவை முதலில் ஒரு தேடல், பிறகு ஓர் உரிமைகோரல். ஒன்றுக்குரிய வழியில் மற்றொன்றைத் தேடிப் போனவர்கள், பணம் தொலைந்துவிட்டது என்றே முடிவுகட்டித் திரும்பியிருக்கிறார்கள்.

ஊர் விட்டு ஊர் மாறும் ஆராய்ச்சி மாணவர்களிடம் இவ்விரு நிலைகளும் சேர்ந்தே காணப்படுவது வியப்பன்று. முதுகலைக்கு ஓர் ஊர், முனைவர் பட்டத்துக்கு வேறோர் ஊர், அதன்பின் எங்கு இடம் கிடைக்கிறதோ அந்த ஊர். ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு வங்கிக் கிளை இருக்கும். சேர்க்கையின்போதே அங்கே கணக்குத் தொடங்கச் சொல்வார்கள். படிப்பு முடிந்து கிளம்பும்போது அதை மூடச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவரின் நிகழ்வை இங்கே எடுத்துக்கொள்ளலாம். 2009 முதல் 2011 வரை தில்லியில் முதுகலை படித்தார். சில ஆண்டுகள் கழித்து ஹைதராபாதில் ஆய்வில் சேர்ந்து, 2023 மார்ச் இறுதியில் உதவித்தொகைக் காலத்தை முடித்தார். அவ்வாண்டின் மே மாதம் குவாஹாட்டியில் பணி கிடைத்தது. புறப்படுவதற்கு முன் ஹைதராபாத் கணக்கிலிருந்து ஒரு தொகையை எடுத்தார். நாலாயிரத்துச் சொச்சம் அதிலேயே தங்கியது. அதற்குப் பிறகு அக்கணக்கைத் தொடவில்லை.

2023இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வு உதவித்தொகைகளை உயர்த்தி, அவ்வாண்டு ஜனவரி முதல் நாளிலிருந்தே உயர்வு நடைமுறைக்கு வருவதாக அறிவித்தது. முதுநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் ₹35,000 என்பதிலிருந்து ₹42,000 ஆயிற்று. இந்த ஆய்வாளர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களும் பழைய விகிதத்தில் பெற்றிருந்தார். ஆகவே மாதத்துக்கு ₹7,000 வீதம் ₹21,000 நிலுவை வரவேண்டியிருந்தது. கோப்பு நகர்ந்து நகர்ந்து 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக நிதிப்பிரிவு அத்தொகையை அனுப்பியது. மறுநாளே அது நிதிப்பிரிவுக்குத் திரும்பி வந்தது. பெறுபவரின் கணக்குச் செயலற்றது என்பது காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. பதிவேட்டில் உள்ள கணக்குக்கே இன்னும் ஒருமுறை அனுப்புவதாகவும், செப்டம்பர் 15க்குள் கணக்குச் சரியாகாவிட்டால் தொகை மீண்டும் தலைப்புக் கணக்கில் சேர்க்கப்பட்டுவிடும் என்றும் நிதிப்பிரிவு எழுதியது. அப்படிச் சேர்ந்துவிட்ட தொகையை மறுபடி வெளியே எடுக்கப் புதிய ஒப்புதல் வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கேட்பதே அசட்டுத்தனம் என்பதைப் பல்கலைக்கழக அலுவலகங்களை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

செயலற்ற கணக்கில் வரவுகூட ஏற்கப்படாதா என்ற கேள்வி எழலாம். பற்றுத் தடைப்படும் என்பது எங்கும் பொது. வரவைப் பொறுத்தவரை வங்கிகளின் கணினி அமைப்புகள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. சில வாங்கி வைத்துக்கொள்கின்றன, சில திருப்பி அனுப்புகின்றன. வெளியூரிலிருந்து தொகை வரவிருக்கும்போது 'வரவு வந்துவிடும், எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுவது அதனால் பாதுகாப்பானதன்று.

இரண்டு ஆண்டு என்பது எதிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். வங்கி தானே வரவு வைக்கும் சேமிப்பு வட்டியும், தானே பிடித்துக்கொள்ளும் கட்டணமும் இயக்கமாகக் கருதப்படுவதில்லை. பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரி வரியாக அச்சாகிக்கொண்டே இருக்கும். கணக்கு உயிரோடிருப்பதாகத் தோன்றும். வங்கியின் கண்ணில் அது உறங்கிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் தாமே செய்ததோ, அவர் சொன்னபடி நிகழ்ந்ததோ ஆன செயலே கணக்கில் கொள்ளப்படும். பணம் போடுவது, எடுப்பது, யுபிஐ வழி அனுப்புவது ஆகியவை அவ்வகையின. அரசின் நேரடிப் பயன் வரவு, வருமான வரி திருப்பம் போன்றவையும் அப்படியே. 2024 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டு, அவ்வாண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய நெறிமுறை இன்னொரு வாயிலையும் திறந்தது. இணைய வங்கியிலோ கைப்பேசிச் செயலியிலோ வெற்றிகரமாக உள்நுழைவதும், கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிப்பதும்கூட வாடிக்கையாளரின் இயக்கமே என்றது அது. ஒரு ரூபாயும் நகர வேண்டியதில்லை. அந்த ஆய்வாளர் 2024இல் ஒரே ஒருமுறை செயலியைத் திறந்து பார்த்திருந்தாலும் இத்தனை அலைச்சல் நேர்ந்திராது.

ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாகவே மதிப்பிடப்படுகிறது என்பதும் இதனோடு சேர்த்து அறியவேண்டியது. அதே வங்கியில் இன்னொரு கணக்கை நாள்தோறும் இயக்குகிறோம் என்பது முதல் கணக்கைக் காப்பாற்றாது. அரசின் நலத்திட்டங்களுக்காகவும் மாணவர் உதவித்தொகைக்காகவும் தொடங்கப்பட்ட இருப்பில்லாக் கணக்குகளுக்கு மட்டும் இந்த இரண்டாண்டு விதியிலிருந்து விலக்கு உண்டு. வளாகக் கிளைகளில் ஆய்வாளர்கள் தொடங்குபவை பெரும்பாலும் சாதாரண சேமிப்புக் கணக்குகள். உதவித்தொகை அதில் வந்து விழுகிறது என்பதாலேயே அவை அந்த விலக்குக்குள் வந்துவிடுவதில்லை.

ஓராண்டு இயக்கம் இல்லாதபோதே வங்கி கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி ஆகியவற்றால் எச்சரிக்க வேண்டும் என்பது விதி. அந்த எச்சரிக்கைக்கு, 'வேலை நிமித்தமாக வேறூரில் இருக்கிறேன்' என்பது போன்ற காரணத்தைச் சொல்லிப் பதில் எழுதினால், கணக்கை மேலும் ஓராண்டு செயற்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. இந்நிகழ்வில் வங்கி அனுப்பிய கடிதம் ஹைதராபாத் விடுதியின் அறை எண்ணுக்குப் போயிருக்கும். குறுஞ்செய்தி, மறுமுறை பணம் கட்டாமல் கைவிடப்பட்ட ஒரு பழைய எண்ணுக்குப் போயிருக்கும். அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியாது. முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஊர் மாறும் நாளிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்படுவது இந்த ஒரு காரணத்துக்காகவே.

ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அவர் குவாஹாட்டியில் அதே வங்கியின் கிளைக்குச் சென்றார். கணக்குத் தொடங்கிய ஹைதராபாத் கிளைக்கே நேரில் போகவேண்டும் என்று கவுண்டரில் சொல்லப்பட்டது. இந்தப் பதில் நாடெங்கும் ஒரே மாதிரி ஒலிப்பது. சொல்பவர் பெரும்பாலும் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை, பழைய நடைமுறை கைவிட்டுப் போகவில்லை என்பதுதான். ஆனால் எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. புதுப்பித்துக் கணக்கைச் செயற்பாட்டுக்குக் கொண்டுவர வசதி செய்து தரவேண்டும் என்று நெறிமுறை கூறுகிறது. 2025 ஜூன் 12 அன்று வந்த திருத்தம் இதனை மேலும் விரித்து, காணொளி வழி அடையாளச் சரிபார்ப்புக்கும் வங்கியின் வணிக முகவர் வழியாக விவரம் புதுப்பித்தலுக்கும் இடமளித்தது.

அவர் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பக்க விண்ணப்பம் எழுதி, மறுநாள் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதன் சாரம் இது:

'தங்கள் வங்கியின் ஹைதராபாத் கிளையில் என் பெயரில் உள்ள கீழ்க்கண்ட எண்ணுடைய சேமிப்புக் கணக்கு, பணி நிமித்தம் 2023 மே மாதத்தில் இடம்பெயர்ந்ததால் இயக்கப்படாமல் செயலற்றதாகியுள்ளது. என் கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பித்து, புதிய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் பதிவுசெய்து, கணக்கை மீண்டும் செயற்படுத்தக் கோருகிறேன். ஆதார், பான் அட்டை ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்கள், பணியிட முகவரிச் சான்று, அண்மைப் புகைப்படம், பாஸ்புக்கின் முதற்பக்க நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். மூலங்களைச் சரிபார்ப்புக்குக் காட்டியுள்ளேன். ரிசர்வ் வங்கியின் 1-1-2024 நாளிட்ட நெறிமுறைப்படியும் 12-6-2025 நாளிட்ட திருத்தப்படியும் இவ்விண்ணப்பத்தை எந்தக் கிளையிலும் ஏற்கலாம். ஆவணம் ஏதும் குறைவாக இருப்பின் அதனை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

இக்கடிதத்தின் எடை அதன் கடைசி வரியில் இருக்கிறது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கி அதன்மேல் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது விதி. 'முழுமையான' என்ற சொல்லில்தான் நாட்கள் கரைகின்றன. இன்று ஒரு நகல் இல்லை என்பார்கள், நாளை கையொப்பம் பொருந்தவில்லை என்பார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். குறை எது என்பதை எழுத்தில் கேட்டுவிட்டால், எல்லாக் குறைகளும் ஒரே முறையில் வெளிவருகின்றன. இரண்டாம் படியொன்றில் கிளையின் முத்திரையும் நாளும் பெற்றுக்கொள்வது இதனைவிட முக்கியமானது. முத்திரை இல்லாத விண்ணப்பத்துக்கு மூன்று நாளும் இல்லை, முப்பது நாளும் இல்லை.

மேலாளர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். உண்மையில் ஒரு குறை இருந்தது. ஹைதராபாதில் கணக்குத் தொடங்கியபோது இட்ட கையொப்பம் முழுப்பெயராக இருந்தது. இப்போது அவர் சுருக்கொப்பம் இடுகிறார். மேலாளரின் முன்னிலையில் புதிய மாதிரிக் கையொப்பம் பதிவானதும் அது தீர்ந்தது. செயற்படுத்துவதற்குக் கட்டணம் கேட்கக்கூடாது. செயலற்றிருந்த காலத்தில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று தண்டம் பிடிக்கவும் கூடாது. அந்த இரண்டுமே இங்கே நிகழவில்லை. சேமிப்பு வட்டியும் இடைவிடாமல் வரவு வைக்கப்பட்டிருந்தது. கணக்குச் செயலற்றதானாலும் வட்டி நிற்பதில்லை.

மூன்றாம் வேலை நாளில் புதிய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அத்துடன் வேலை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. அது சரியான முடிவு. கணக்கின் நிலை மாறுவதும், காலாவதியான டெபிட் அட்டைக்குப் பதில் புதியது வருவதும், பூட்டப்பட்ட இணைய வங்கி திறக்கப்படுவதும் வங்கிக்குள் தனித்தனி வேலைகள். தம் குவாஹாட்டிக் கணக்கிலிருந்து நூறு ரூபாய் அனுப்பினார். அது திரும்பவில்லை. கிளைக்குச் சென்று அதே நூறு ரூபாயைப் பணம் எடுக்கும் படிவத்தில் எடுத்தார். வரவும் பற்றும் நடந்தேறிய பின்னரே நிதிப்பிரிவுக்கு எழுதினார். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ₹21,000 வந்து சேர்ந்தது.

இப்படி மீண்டும் செயற்படுத்தப்பட்ட கணக்கு குறைந்தது ஆறு மாதம் வங்கியின் கண்காணிப்பில் இருக்கும். அது வாடிக்கையாளருக்குச் சொல்லப்படுவதில்லை. செயற்படுத்தும் பணியையும் ஓர் அலுவலர் மட்டும் முடித்துவிட முடியாது, இன்னொருவரின் ஒப்புதலும் வேண்டும். எரிச்சலூட்டும் ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் யாரும் கேட்க வராத கணக்கு என்பது, வங்கிக்குள்ளிருந்தே கைவைக்க விரும்புவோருக்கு எளிதான இலக்கு. அந்த இரண்டாவது கையொப்பம் வாடிக்கையாளரின் தாமதத்துக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று.

தில்லிக் கணக்கின் நிலை வேறு. அதன் பாஸ்புக் இல்லை, எண் நினைவில்லை, கணக்குத் தொடங்கிய வங்கியே இப்போது இல்லை. 2017க்கும் 2020க்கும் இடையில் பொதுத்துறை வங்கிகள் பல இணைக்கப்பட்டன. ஸ்டேட் பேங்க் ஆஃப் ஹைதராபாத் உள்ளிட்ட துணை வங்கிகள் 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்தன. விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019 ஏப்ரலில் பாங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தன. 2020 ஏப்ரல் முதல் நாளில் ஓரியண்டல் பாங்க் ஆஃப் காமர்சும் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியாவும் பஞ்சாப் நேஷனல் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் கலந்தன. பழைய வங்கியின் பொறுப்புகள் அனைத்தும் புதிய வங்கியைச் சேர்ந்தவை. எனவே தேடும்போது தேர்ந்தெடுக்க வேண்டியது இன்றுள்ள பெயரை.

தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் என்னும் தளம் இருக்கிறது, முகவரி udgam.rbi.org.in. தொடக்கத்தில் ஏழு வங்கிகளின் விவரமே அதில் இருந்தது; 2024 மார்ச்சில் முப்பது வங்கிகளாயின. நிதிக்கு மாற்றப்பட்ட தொகையில் ஏறத்தாழ 90 விழுக்காடு அந்த முப்பது வங்கிகளைச் சேர்ந்தது. கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவுசெய்துகொள்ள வேண்டும், கட்டணம் இல்லை. கணக்குடையவரின் பெயரையும் வங்கியின் பெயரையும் தந்து, பான், வாக்காளர் அடையாள எண், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, பிறந்த நாள் ஆகியவற்றுள் ஒன்றையேனும் தரவேண்டும். பத்தாண்டு கடந்து நிதிக்கு மாற்றப்பட்டவை மட்டுமே அதில் தெரியும். ஹைதராபாத் கணக்கை அங்கே தேடினால் கிடைக்காது. கிடைக்காததால் அது இல்லை என்று ஆகாது. கூட்டுறவு வங்கிகள் பலவும் அஞ்சலகச் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியும் பங்குகளும் இத்தளத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவை.

தமிழர்க்குரிய இடர்ப்பாடு ஒன்று இங்கேதான் தலைகாட்டுகிறது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை; முதலெழுத்து உண்டு. வடஇந்தியக் கிளை அலுவலர் அந்த முதலெழுத்தைக் கண்டு திகைத்து, அதனை என்ன செய்தார் என்பது அவரவர் பாஸ்புக்குக்கே வெளிச்சம். செல்வத்தின் மகள் கண்மணி என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றில் எஸ். கண்மணி, ஆதாரில் கண்மணி செல்வம், பானில் செல்வம் கண்மணி, 2009இல் திறந்த கணக்கில் முதலெழுத்து பின்னுக்குப் போய்க் கண்மணி எஸ். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இரண்டு மூன்று வடிவங்கள் உண்டு. இந்த ஆய்வாளர் முதலில் ஆதாரில் உள்ளபடி பெயரையும் பான் எண்ணையும் இட்டார். எதுவும் வரவில்லை. மாணவியாக இருந்தபோது அவரிடம் பான் அட்டையே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வங்கியிடம் இல்லாத அடையாளத்தை வைத்து வங்கியின் பதிவை எப்படிப் பிடிக்க முடியும்? பான் எண்ணை விட்டுப் பிறந்த நாளை இட்டு, பெயரை ஒவ்வொரு வடிவமாக மாற்றினார். முதலெழுத்து பின்னே நின்ற வடிவத்தில் ஒரு பதிவு வந்தது. அதனோடு யு.டி.ஆர்.என். எனப்படும் உரிமைகோரா வைப்பு மேற்கோள் எண்ணும் வந்தது. தளத்தில் கிடைக்காவிட்டாலும், வங்கியின் சொந்த இணையதளத்தில் இத்தகைய பட்டியலை வெளியிட்டுத் தேட வசதி செய்திருக்க வேண்டும் என்பதால் அங்கும் ஒருமுறை பார்ப்பது வீண்வேலை அன்று.

உத்கம் பணத்தைத் தருவதில்லை. பணம் எந்த வங்கியின் வழியாகக் கிடைக்கும் என்பதைச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. உரிமையைக் கோரவேண்டியது வங்கிக் கிளையில். இங்கே இரண்டு தவறான பதில்களை எதிர்பார்க்கலாம். 'கணினியில் இருப்புச் சுழியம் என்று காட்டுகிறது' என்பது ஒன்று. தொகை நிதிக்குப் போய்விட்டபின் பேரேட்டில் சுழியம் தெரிவது இயல்பே. 'பணம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டது, அங்கே போய்க் கேளுங்கள்' என்பது மற்றொன்று. தனியாள் சென்று கேட்பதற்கு ரிசர்வ் வங்கியில் கவுண்டர் எதுவும் இல்லை. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ் 2014இல் உருவான இந்த ஏற்பாட்டில், வங்கியே வாடிக்கையாளருக்கு முதலில் வட்டியோடு தொகையைத் தந்துவிட்டு, பிறகு நிதியிலிருந்து அதனைத் திரும்பப் பெறவேண்டும். பத்தாண்டு கடந்ததால் உரிமை காலாவதியாவதில்லை. அதற்கு இறுதிநாள் என்று ஒன்று வைக்கப்படவில்லை. மேற்கோள் எண்ணை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதிவிட்டால் இவ்விரு பதில்களும் பெரும்பாலும் எழுவதில்லை. அலுவலர் சுழியம் காட்டும் திரையை விட்டு வேறொரு திரைக்குப் போகவேண்டியதாகிவிடும்.

வட்டிக் கணக்கு எளியது. அக்கணக்கின் கடைசி இயக்கம் 2011 மே மாதம். பத்தாண்டு 2021 மே மாதத்தில் நிறைவுற்றது. ஒரு மாதத்தில் பத்தாண்டு நிறைவடையும் தொகைகளை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளில் மாற்றவேண்டும் என்பதால், 2021 ஜூன் 30 அன்று அது நிதிக்குச் சென்றது. அன்றுவரை சேர்ந்த சேமிப்பு வட்டியோடு தொகை ₹18,400. நிதிக்குச் சென்றபின் வங்கியின் வட்டி நின்று, ரிசர்வ் வங்கி குறிப்பிடும் விகிதம் தொடங்குகிறது. அவ்விகிதம் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்து, 2018 ஜூலையில் 3.5 ஆகி, 2021 மே 11 முதல் 3 விழுக்காடாகியது. தனிவட்டி, வட்டிக்கு வட்டி இல்லை. ₹18,400க்கு ஆண்டுக்கு ₹552. செப்டம்பர் இறுதிவாக்கில் தொகை கொடுக்கப்பட்டபோது நான்கேகால் ஆண்டு ஆகியிருந்தது. ஏறக்குறைய ₹2,346 வட்டி சேர்ந்து மொத்தம் ₹20,746 கிடைத்தது. கூட்டுவட்டி இல்லாத இந்த விகிதத்தில் பணத்தை விட்டுவைப்பதால் யாருக்கும் ஆதாயமில்லை என்பது வெளிப்படை. நிதிக்கு மாறிய தேதி வெவ்வேறாக இருப்பவர்கள், தம் தேதியை வங்கியிடம் கேட்டு, அதற்குப் பொருந்தும் விகிதங்களைப் பகுதி பகுதியாகப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வேறுபாட்டுக்காக அவர் கொடுத்தது இரண்டு: முதுகலைப் பட்டச் சான்றின் நகல், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழி. பட்டச் சான்றில் தந்தையின் பெயரும் முதலெழுத்தும் இருந்ததால் அது பழைய கணக்குக்கும் இன்றைய ஆதாருக்கும் இடையே பாலமாயிற்று. பட்டச் சான்றைச் சட்டமிட்டு மாட்டி வைத்திருப்பவர்களுக்கு அது வங்கியிலும் பயன்படும் என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

கணக்குடையவர் மறைந்துவிட்டிருந்தால் வழி சற்று நீளும், ஆனால் அடைபடாது. நியமனதாரர் இருந்தால், இறப்புச் சான்றும் நியமனதாரரின் அடையாளச் சான்றும் கொண்டு தொகையைப் பெறலாம். வாரிசுரிமைச் சான்று கேட்கப்படுவதில்லை. நியமனதாரர் அத்தொகையைச் சட்டப்படியான வாரிசுகளுக்காகப் பெறுபவரே அன்றி, அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. குடும்பத்துக்குள் வழக்குகள் முளைப்பது இந்த நுட்பத்தை மறப்பதால்தான். பெற்றோரின் நிரந்தர வைப்புகளைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே பத்தாண்டு எண்ணப்படுவது வைப்பு முதிர்ந்த நாளிலிருந்து.

வங்கி பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ, முதலில் வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் முறையிட வேண்டும். முப்பது நாளில் தீர்வு இல்லையென்றால், அல்லது கிடைத்த தீர்வு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். முத்திரையிட்ட அந்த இரண்டாம் படி அங்கே தேவைப்படும். அந்த ஆய்வாளருக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை. தில்லிக் கணக்கை மூடிவிட்டார். ஹைதராபாத் கணக்கை வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகம் இன்னொரு நிலுவை இருப்பதாக எழுதியிருக்கிறது.